தொப்பியோடு ஒரு வீடியோ கால்

மேடம்,

எனக்கு வயது 34. கணக்குப் பிரிவில் வேலை. மேட்ரிமோனி தளத்தில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்த ஒரு அவமானத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு வரன் கூடி வந்தது. போனில் எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டு வீட்டாரும் நேரில் சந்தித்தோம். உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அந்தப் பெண்ணின் அண்ணன் தன் போனில் என் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் அப்பாவை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "போட்டோவில் வேறு மாதிரி இருந்தாரே" என்றார். திரும்பி வரும்போது அப்பா வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை என்னால் மறக்கவே முடியவில்லை.

அப்படி என்ன செய்துவிட்டேன்? அது என் தங்கை கல்யாணத்தில் எடுத்த போட்டோ. ஸ்டூடியோக்காரர் கொஞ்சம் டச்சப் செய்து கொடுத்தார். முன்நெற்றியில் முடியைக் கொஞ்சம் நிரப்பினார், கன்னத்தை ஒடுக்கினார், நிறத்தை லேசாகத் தூக்கினார். அவ்வளவுதான். வேறு யாருடைய போட்டோவையாவது போட்டேனா? முகம் என்னுடையதுதானே? எடிட் செய்யாத போட்டோவை இன்று யார் போடுகிறார்கள்?

அவர்கள் மட்டும் யோக்கியமா? அந்தப் பெண்ணின் போட்டோவில் முகம் ஒரு நிறம், மடியில் இருந்த கை வேறு நிறம். தோளுக்குப் பின்னால் கதவு நிலை வளைந்து நின்றது. அதுதான் ஏமாற்று வேலை. நான் அதைக் கேட்டேனா? பெருந்தன்மையாக விட்டேன். என்னை மட்டும் குற்றவாளி மாதிரி நடத்தினார்கள்.

(இப்போது வேறு ஒருவர் நான்கு மாதமாக என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். நல்ல மாதிரி. அவரும் அதே போட்டோவைப் பார்த்துத்தான் வந்தார். என் முடி அழகாக இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார். வீடியோ காலில் தொப்பி போட்டுக்கொள்கிறேன், சைனஸ் என்று சொல்லியிருக்கிறேன். நேரில் பார்க்கலாம் என்கிறார், வேலையைச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அது வேறு விஷயம்.)

என் கேள்வி இதுதான். அந்த அண்ணனுக்கு ஒரு நீளமான மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? தோற்றத்தை வைத்து மனிதரை எடை போடும் இந்தப் புத்தி எப்போது மாறும்? அப்பா முன்னால் தலைகுனிந்தது நான்தானே?

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அந்த அண்ணன்மேல் எனக்கும் கோபம் வந்தது. ஆளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நாகரிகமில்லை. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருந்ததைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதை 'வேறு விஷயம்' என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது ஒன்றுதான் விஷயமாகத் தெரிகிறது. போன வருடம் முடிந்துபோன ஒரு சந்திப்பு, இன்று இவ்வளவு எரிவதற்குக் காரணம் அந்த அண்ணன் இல்லை. அதே மாதிரி இன்னொரு சந்திப்பு வந்துகொண்டிருக்கிறது. இந்த முறை போட்டோவையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கப்போகிறவர் உங்களுக்குப் பிடித்தவர்.

ஆகவே அந்த மெசேஜ் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். அனுப்ப வேண்டாம். அவர் சொன்னது ஒரே வாக்கியம், அது உண்மை. சொன்ன விதம் தப்பு என்பதற்காக, சொன்ன விஷயம் பொய்யாகிவிடாது.

இப்போது தொப்பிக்கு வருகிறேன்.

உங்கள் முடி அழகு என்று அவர் சொல்லும்போது உங்களுக்கு என்ன நடக்கிறது? இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இதே நிலையில் இருப்பவர்கள் என் எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஒரு கணம் சந்தோஷம், அடுத்த கணம் வயிற்றில் ஒரு பிசைவு. ஏனென்றால் அந்தப் பாராட்டு உங்களுக்கு வந்து சேரவில்லை, ஸ்டூடியோக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. அவர் இன்று 'உங்களைப் பிடித்திருக்கிறது' என்று சொன்னாலும் உங்களால் அதை நம்ப முடியாது. யாரைப் பிடித்திருக்கிறது என்ற சந்தேகம் கூடவே வரும். எடிட் செய்த போட்டோ நம்பிக்கையைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்ப்பவரின் நம்பிக்கை கெடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதற்கு முன்பே கெடுவது போட்டவருடைய நம்பிக்கை. நேசிக்கப்படுகிறோம் என்பதையே அவரால் நம்ப முடியாமல் போகிறது. நான்கு மாதமாக ஒரு நல்ல மனிதர் உங்களிடம் அன்பாகப் பேசுகிறார், நீங்களோ அதில் ஒரு துளியைக்கூட நிம்மதியாக வாங்கிக்கொள்ள முடியாமல் தொப்பியைச் சரி செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்த பெரிய நஷ்டம் இதுதான், போன வருடம் நடந்தது இல்லை.

அடுத்து, அவர் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவரை நேரில் பார்க்காமல் பேசிப் பழகும்போது, தெரியாத இடங்களை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். குரல், சிரிப்பு, நடை, பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பது வரை. அந்த நிரப்பலுக்கு அவர் கையில் இருக்கும் ஒரே அச்சு உங்கள் போட்டோ. பேச்சு நாள்பட நாள்பட அந்தக் கற்பனை ஆள் உறுதியாகிக்கொண்டே போகிறார். ஆன்லைனில் அறிமுகமாகி நேரில் சந்திக்கிறவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. சந்திப்பைச் சீக்கிரம் வைத்துக்கொண்டவர்களை விட, இழுத்துக்கொண்டே போனவர்களுக்கு ஏமாற்றம் அதிகம். போட்டோ சுத்தமாக இருந்தாலே இந்தக் கதி. உங்கள் விஷயத்தில் நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கற்பனை ஆளுக்கு முடி அடர்த்தியாகிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் இது முடியைப் பற்றிய விஷயம். இன்று சொன்னால் நான்கு மாதத்தைப் பற்றிய விஷயம். நேரில் பார்த்து அவரே கண்டுபிடித்தால் சைனஸைப் பற்றிய விஷயம். கடைசி இடத்துக்கு வந்துவிட்டால் உங்கள் நெற்றி அங்கே ஒரு பொருட்டாகவே இருக்காது. அவர் வீட்டுக்குப் போய், நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படிப்பார். இவர் சொன்ன சம்பளம் நிஜமா, வயது நிஜமா, அன்றைக்குப் போன் எடுக்காததற்குச் சொன்ன காரணம் நிஜமா? ஒரு பொய் தெரிந்துவிட்டால் நம்பிக்கை அந்த ஒன்றோடு நிற்பதில்லை, எல்லா உண்மையையும் மறுபடி நிரூபிக்கச் சொல்லும். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், ஒரு பில் போலி என்று தெரிந்தால் அந்த வருடத்துக் கணக்கு முழுவதையும் ஏன் திறந்து பார்க்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு எதிராக ஒன்று சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முகமும் கையும் வேறு வேறு நிறம் என்று பார்த்த உங்கள் கண் நல்ல கண். கதவு நிலை வளைவதும் சரியான அடையாளம்தான். இடுப்பையோ தோளையோ கன்னத்தையோ செயலியில் உள்ளே தள்ளினால், பக்கத்தில் இருக்கும் நேர்கோடும் சேர்ந்து நகரும். கதவு, ஜன்னல் கம்பி, தரை ஓட்டின் கோடு, மூக்குக்கண்ணாடியின் காம்பு, எல்லாம் காட்டிக்கொடுக்கும். இவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த நீங்கள், அந்தப் பெண் செய்தால் ஏமாற்று, நான் செய்தால் டச்சப் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் நிறத்தைத் தூக்கினார், நீங்களும் தூக்கினீர்கள். அவர் எதையோ ஒடுக்கினார், நீங்களும் ஒடுக்கினீர்கள். நீங்கள் கூடுதலாக முடி வேறு சேர்த்திருக்கிறீர்கள். இன்னொன்று, அந்தப் பெண் வேண்டுமென்றே செய்தாரா என்பதுகூட நமக்குத் தெரியாது. பல போன்களில் முகத்தை மெருகேற்றும் வசதி நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். கேமராவைத் திறந்தாலே தோல் வழவழப்பாகிவிடும். 2020இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் அந்த வசதியை, நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும்படி மாற்றியது. சொல்லாமலே ஓடிக்கொண்டிருந்தால் நம் முகத்தைப் பற்றி நாமே தப்பாக நினைத்துக்கொள்கிறோம் என்ற கவலைதான் காரணம். அந்தக் கதவு நிலை வளைந்ததற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் நெற்றிக்கும் பொருந்தாது.

'முகம் என்னுடையதுதானே' என்று நீங்கள் கேட்டது வெறும் சால்ஜாப்பு என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்திருக்கும். நிக்கோலஸ் எப்லி, எரின் விட்சர்ச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவருடைய போட்டோவைக் கணினியில் ஒரு அழகான முகத்தோடு கொஞ்சம் கலந்து சில படங்கள், அழகில்லாத முகத்தோடு கலந்து சில படங்கள் செய்துகொண்டார்கள். மாற்றாத படத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்து, இதில் நீங்கள் எது என்று கேட்டார்கள். அசல் இருக்கும்போதே, கொஞ்சம் அழகு கூட்டிய படத்தைக் காட்டி 'இதுதான் நான்' என்று சொல்கிற பக்கமே ஆட்கள் சாய்ந்தார்கள். நண்பரின் முகத்துக்கும் இதே போன்ற கூட்டல் நடந்தது. ஆனால் அப்போதுதான் அறிமுகமான ஒருவரின் முகத்தைக் காட்டியபோது அந்தக் கூட்டல் நடக்கவில்லை.

இதை உங்கள் கதையில் வைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அந்தப் போட்டோ நீங்கள்தான். உங்கள் அம்மா அப்பா கண்ணுக்கும் ஏறக்குறைய நீங்கள்தான், அதனால்தான் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. புதிதாகப் பார்க்கிற அந்த அண்ணனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் உள்ளதை உள்ளபடி பார்த்தார். கல்யாணப் போட்டோக்களில் நடக்கும் குழப்பத்தில் பாதி இதுதான். அன்புள்ள கண்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த படத்தை, அன்பு இன்னும் வராத கண்கள் பார்க்கின்றன.

எல்லோரும்தானே செய்கிறார்கள் என்ற உங்கள் வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அதில் உண்மை இருக்கிறது. 2008இல் கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹேன்காக், நிக்கோல் எலிசன் ஆகியோர் நியூயார்க்கில் டேட்டிங் தளங்களைப் பயன்படுத்திய 80 பேரை வரவழைத்து, உயரத்தை அளந்து, எடை பார்த்து, வயதுச் சான்றையும் வாங்கிப் பார்த்து, புரொஃபைலில் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். பத்துக்கு எட்டுப் பேர் மூன்றில் ஒன்றிலாவது கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் அந்த வித்தியாசம் நேரில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. சந்திக்கப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், ஆகவே அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எது டச்சப், எது ஏமாற்று என்று பிரிக்கும் கோட்டைச் செயலியின் பொத்தானில் போட முடியாது. எதிரே உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்ற இடத்தில்தான் போட வேண்டும்.

உங்கள் போட்டோவையே எடுத்துக்கொள்வோம். கல்யாண மண்டப விளக்கில் படம் மஞ்சளடித்திருந்தால் அதைச் சரி செய்வதில் தவறே இல்லை, அங்கே பொய் சொன்னது விளக்கு, நீங்கள் இல்லை. பின்னால் நின்ற யாரையோ வெட்டி எடுத்தாலும் சரி. அன்று கன்னத்தில் ஒரு பரு இருந்து அதை அழித்திருந்தாலும் சரி, அடுத்த வாரம் அதுவாகவே போயிருக்கும். நிறம் அப்படியில்லை. மங்கலான படத்தை வெளிச்சமாக்குவது வேறு, தோலை மட்டும் தனியாக வெளுப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் சட்டைக் காலரும் கழுத்தும் காதும் முகத்தோடு சேர்ந்து வெளிச்சமாகியிருந்தால் அது வெளிச்சம். முகம் மட்டும் போய் நிற்கிறது, காது பின்தங்கிவிட்டது என்றால் அது வேறு ஆள். கன்னத்தை ஒடுக்கியது எலும்பமைப்பை மாற்றியது. அதில் சின்னது பெரியது என்று பேரம் பேச ஒன்றுமில்லை, நீங்கள் நடந்து உள்ளே வரும்போது அந்தக் கன்னம் உங்களோடு வராது. பிறவியிலேயே உள்ள மச்சம், தழும்பு, மூக்கு, உயரம், உடல்வாகு எல்லாமே இந்தப் பக்கம்தான்.

முடிக்கு வருவோம். ஒருவேளை தங்கை கல்யாணத்தன்று நெற்றி இந்த அளவு ஏறியிருக்காது. அப்படியென்றால் அந்தப் போட்டோவில் இரண்டு எடிட் நடந்திருக்கிறது, ஒன்றை ஸ்டூடியோக்காரர் செய்தார், இன்னொன்றைக் காலம் செய்தது. இரண்டாவதைப் பலரும் கணக்கிலேயே வைப்பதில்லை. ஒரு பொட்டு எடிட்டும் இல்லாத பழைய போட்டோ, இன்று எடுத்து லேசாக மெருகேற்றிய போட்டோவை விட மோசமாக ஏமாற்றும். 'நான் எதையும் மாற்றவில்லையே' என்ற தைரியமும் அதோடு சேர்ந்து வருவதால் இன்னும் மோசம். கடந்த ஒரு வருடத்துக்குள் எடுத்த படம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முடியோ எடையோ நன்றாக மாறியிருந்தால் ஒரு வருடம்கூட அதிகம்.

மேக்கப் பற்றியும் சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய தகராறு இல்லை. அதே மேக்கப்போடு நேரில் வருவீர்கள் என்றால் போட்டோவிலும் இருக்கட்டும். விக் வைக்கிறவர், முடி நட்டுக்கொண்டவர் விஷயமும் அப்படித்தான், தினமும் அப்படித்தான் இருக்கப்போகிறார் என்றால் போட்டோவில் அது பொய்யாகாது. ஆனால் விக் என்றால் பேச்சு கல்யாணம் வரை போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அதே நேரம் கேமராவும் சத்தியசந்தன் இல்லை. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாக, காது சின்னதாக விழும். 2018இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் கணக்குப் போட்டே காட்டினார்கள். ஐந்தடி தள்ளி எடுத்த படத்தை விட ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரிகிறது. நிறையப் பேர் 'எடிட் செய்தால்தான் நான் நன்றாக இருக்கிறேன்' என்று முடிவுக்கு வருவது இந்தச் செல்ஃபியைப் பார்த்துத்தான். இல்லாத ஒரு குறையைக் கேமரா உண்டாக்க, அதைச் செயலியில் திருத்தப் போய், திருத்துகிற கை அங்கேயே நிற்காமல் தாடைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. வேறு ஒருவரை ஐந்தாறு அடி தள்ளி நிறுத்தி, கேமராவைக் கண் மட்டத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு எடிட் செய்ய ஒன்றும் இருக்காது.

இன்னும் ஒன்று, எந்தப் படத்தைப் போடுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைட் என்பவரும் சகாக்களும் செய்த ஒரு சோதனையில், தன்னைப் போலவே இருக்கும் படம் எது என்று ஆட்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஆளைச் சிறிது நேரம் வீடியோவில் மட்டும் பார்த்த முன்பின் தெரியாதவர்களையும் அதே படங்களில் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சரியான சாயல் உள்ள படத்தைத் தெரியாதவர்கள்தான் நன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த யாரிடமாவது ஏழெட்டுப் படங்களைக் காட்டி, 'இதில் எது அப்படியே நான் மாதிரி இருக்கிறது' என்று கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கூடாது, கேள்வி மாறினால் பதிலும் மாறிவிடும்.

சரி, இப்போது அவரிடம் எப்படிச் சொல்வது?

நேரில் சந்திக்கும் அன்று சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அது சொல்வதாகாது, மாட்டிக்கொள்வது. வீடியோவில் திடீரென்று தொப்பியைக் கழற்றி ஆச்சரியம் கொடுக்கவும் வேண்டாம், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதிர்ச்சியை மறைக்கும் வேலை அவர் தலையில் விழும். முதலில் இந்த வாரம் எடுத்த ஒரு படத்தை அனுப்புங்கள், நெற்றி முழுதாகத் தெரிய. கூடவே இப்படி எழுதலாம்: "புரொஃபைலில் இருக்கும் படம் பழையது, அதிலும் முடி சேர்த்து, முகத்தை மாற்றியிருக்கிறது. நான் இப்போது இப்படித்தான் இருக்கிறேன். தொப்பி அதை மறைக்கத்தான், சைனஸ் இல்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். யோசித்துவிட்டுச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை." சைனஸை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். முடி சம்பந்தப்பட்டது கூச்சம், யாருக்கும் புரியும். சைனஸ் நேருக்கு நேர் சொன்ன பொய். அதை நீங்களே எடுத்து வைத்தால்தான் மற்றதை அவர் நம்புவார்.

ஸ்டூடியோக்காரர்மேல் பழி போடாதீர்கள். போன வருடம் இப்படி ஒரு குடும்பம் அவமானப்படுத்தியது, அதனால் பயந்தேன் என்ற கதையும் இப்போது வேண்டாம். அது உண்மைதான், ஆனால் இந்த நேரத்தில் சொன்னால் அவர் தன் வருத்தத்தைத் தள்ளிவைத்துவிட்டு உங்களைத் தேற்ற வேண்டிவரும். நகைச்சுவையாக்கவும் வேண்டாம். அனுப்பிய பிறகு 'கோபமா?' 'படித்தீர்களா?' என்று அரை மணிக்கு ஒரு முறை கேட்காதீர்கள். நான்கு மாதம் அவரைக் காக்க வைத்தீர்கள், நான்கு நாள் நீங்கள் காத்திருக்கலாம்.

அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். சொன்னால், தோற்றத்தை வைத்து எடை போடுகிறவர் என்று அவரை அந்த அண்ணனோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். வழுக்கைக்காகத்தான் போகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே உள்ள படத்தைக் காட்டியிருந்தால், பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவரால் முடிவெடுக்க முடிந்திருக்கும். அந்த வாய்ப்பை நீங்கள் கொடுக்கவில்லை. ஆளைப் பார்த்து வேண்டாம் என்றாரா, மறைத்ததைப் பார்த்து வேண்டாம் என்றாரா என்பது இனி உங்களுக்கும் தெரியப்போவதில்லை, அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். எடிட் செய்த போட்டோவின் மிகக் கசப்பான பக்கமாக நான் பார்ப்பது இதைத்தான். இருப்பதைக் காட்டினால் ஒரு சிலர் வேண்டாம் என்பார்கள், உண்மை. ஆனால் அந்த 'வேண்டாம்' தெளிவாக இருக்கும், அதோடு முடியும், முதல் பார்வையிலேயே முடியும், உங்கள் அப்பா எங்கும் எழுந்து ஓரமாகப் போக வேண்டியிருக்காது.

அவர் பேச முன்வந்தால் அநேகமாக ஒரு கேள்வி வரும்: 'வேற ஏதாவது இருக்கா?' அதற்கு இப்போதே தயாராகுங்கள். கடன், வருமானம், உடல்நிலை, பழைய உறவு, எதில் எங்கே கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்களோ அதை அன்றே சொல்லிவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவர் பதில் என்னவாக இருந்தாலும், மேட்ரிமோனி தளத்தில் இருக்கும் படத்தை அந்த மெசேஜை அனுப்பிய அன்றே மாற்றிவிடுங்கள். பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்குள் இன்னொருவர் அந்தப் பழைய படத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதிவிடுவார்.